வரவேற்பு மேடையில் அக்காவைப் பற்றி நான்கு நிமிடம்: மணப்பெண்ணின் உடன்பிறப்புக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் மணப்பெண்ணின் அண்ணனுக்கும் தம்பிக்கும் சடங்கில் நெடுங்காலமாகவே ஓர் இடம் உண்டு. பொரியிடும் வழக்கமுள்ள குடும்பங்களில் பெண்ணின் கையில் பொரியை அள்ளி வைப்பவர் அவர்தான். ஆனால் வரவேற்பு மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து, சிரிக்கவும் வைத்து, அன்பாகவும் பேச வேண்டும் என்பது நம் ஊர்களுக்கு அண்மையில் வந்த பழக்கம். அதனால் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டு இதைக் கற்றுக்கொள்ள முடிவதில்லை. முதல்முறையாக இப்படிப் பேசப்போகிறவருக்காக, நான் பலருக்கு எழுதிக் கொடுத்தும் திருத்திக் கொடுத்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

எழுத உட்காருமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் வீட்டு வரவேற்பு முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலையா, தாலி கட்டிய பிறகா? நம்மிடம் பெரும்பாலும் முதல் நாள் மாலையிலேயே வரவேற்பு முடிந்துவிடுகிறது. அப்படியானால் நீங்கள் பேசும்போது அவர்கள் இன்னும் கணவன் மனைவி ஆகவில்லை. “இன்று கணவன் மனைவியாகிவிட்ட இருவருக்கும்” என்று தொடங்கினால் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். “மாப்பிள்ளை, இன்னும் ஒரு ராத்திரி இருக்கு, யோசிச்சுக்கோங்க” என்ற வேடிக்கையை இளைஞர்கள் பலர் முதல் வரைவிலேயே எழுதிக்கொண்டு வருகிறார்கள். தாலி ஏறாத மேடையில் அதை அபசகுனமாகவே எடுத்துக்கொள்வார்கள். சிரிப்பு வந்தாலும், அன்று இரவு உங்கள் அம்மா அதற்காகச் சம்பந்தியம்மாளிடம் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

யார் கேட்கிறார்கள் என்பது அடுத்தது. உங்கள் சொந்தங்களுக்கு உங்கள் அக்காவைப் பிறந்ததிலிருந்து தெரியும். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் பார்த்த அன்று, நிச்சயதார்த்தத்தில், முகூர்த்தப் புடவை எடுக்கப் போனபோது என்று மூன்று நான்கு முறை பார்த்திருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்லும் வேடிக்கை வேடிக்கையோடு நின்றுவிடாது. மருமகளைப் பற்றி அவள் வீட்டாரே சொன்ன தகவலாக அது தங்கிவிடும். “அக்காவுக்குச் சுடுதண்ணி கூட வைக்கத் தெரியாது” என்று நீங்கள் சொன்னதை நம் பக்கத்து ஆட்கள் வாசல் தாண்டுமுன் மறந்துவிடுவார்கள். அந்த வீட்டில் முதல் முறை குழம்பில் உப்பு கூடும் நாளில் யாராவது ஒருவர் அதை நினைவுபடுத்துவார். சமையல், தூக்கம், கோபம், நிறம், உடம்பு, முன்பு வந்து போன வரன்கள், கல்யாணச் செலவு, சீர் ஆகிய எதையும் நான் எழுதிக் கொடுக்கும் பேச்சில் தொடுவதில்லை. “இனி உங்க பொறுப்பு, திருப்பி வாங்க மாட்டோம்” என்ற பழைய வேடிக்கையை வெட்டிவிடுங்கள். பிறந்த வீட்டை விட்டுப் போகப்போகிறவள் மேடையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கதையைத் தேர்ந்தெடுப்பது

ஒரு கதை போதும், நான்கு வேண்டாம். சின்ன வயதில் சண்டை போட்டது, பள்ளிக்கூடத்தில் காட்டிக்கொடுத்தது, வண்டி ஓட்டக் கற்றது என்று நான்கைத் துணுக்குத் துணுக்காகச் சொன்னால் நான்குமே கேட்பவர் மனதில் தங்காது. நினைவுக்கு வரும் எட்டுப் பத்து நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் நான் “பந்திச் சோதனை” என்று சொல்லும் ஒன்றுக்கு உட்படுத்துங்கள். உங்கள் பேச்சைக் கேட்ட மாப்பிள்ளையின் அத்தை, அரைமணி நேரம் கழித்துப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அதை ஒரே வரியில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியில் உங்கள் அக்கா எப்படித் தெரிகிறார்? “தம்பிய ஒரே அடியா அடிப்பாளாம்” என்று வந்தால் அந்தக் கதை, வீட்டில் எத்தனை முறை சொல்லிச் சிரித்ததாக இருந்தாலும், மேடைக்கு ஆகாது. “தம்பி ஏமாத்தப் பார்த்தான், பொண்ணு கண்டுபிடிச்சுட்டாளாம்” என்று வந்தால் ஆகும். கதையில் தோற்றவர் தம்பியாக இருக்கட்டும். அப்போதுதான் யார் மனமும் நோகாமல் எல்லோரும் சிரிக்கலாம்.

ஒரு பேச்சு உருவான விதத்தை முழுதாகச் சொல்கிறேன். மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவர், அக்காவின் வரவேற்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்னிடம் வந்தார். அவர் எழுதியிருந்த இரண்டு பக்கத்தில் பாதி, அக்கா எப்படிப்பட்ட கஞ்சம் என்பதைப் பற்றியது. படித்தால் சிரிப்பு வந்தது. ஆனால் பந்திச் சோதனையில் “பொண்ணு கையை விட்டுக் காசு போகாதாம்” என்றுதான் அது வரும். எதை வைத்துக் கஞ்சம் என்கிறீர்கள் என்று கேட்டேன். மறுநாள் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பது பக்கம், ஓரம் சுருண்டு, அட்டையில் அவர் பெயருக்கு முன்னால் ‘கடன்’ என்று கோணலான எழுத்தில் எழுதியிருந்தது. அக்கா ஆறாம் வகுப்பு படிக்கும்போது தன் உண்டியலிலிருந்து தம்பிக்குக் கொடுத்த காசையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்த கணக்கு அது. ஐஸுக்கு ஐந்து ரூபாய், பம்பரத்துக்கு எட்டு ரூபாய் என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. அதைப் புரட்டிக்கொண்டே, “பெரிசா செஞ்சது எதுவும் இதுல இல்ல” என்றார் அவர். பேச்சு அந்த வரியில் இருந்தது. கஞ்சத்தனத்தைப் பற்றிய பகுதி தேவைப்படவில்லை.

அந்தப் பெரியது என்ன என்பதில் ஒரு சிக்கல் வந்தது. அப்பாவின் கடை நொடித்த ஆண்டில், தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அக்காதான் தன் சம்பளத்தில் கட்டியிருந்தார். உருக்கமாக இருக்கும் என்று தம்பி அதையே எழுதினார். வரைவை அம்மாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அம்மா ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. சம்பந்தி வீட்டாரும் ஊர்க்காரர்களும் நிறைந்த மண்டபத்தில், மகள் கல்யாணத்தை நடத்திக்கொண்டு நிற்கும் அப்பாவின் முன்னால், அவரால் கட்டணம் கட்ட முடியாமல் போனதை மகன் ஒலிவாங்கியில் சொல்லக் கூடாது. அக்காவின் பெருமை அப்பாவின் தலைகுனிவாகிவிடும். அதை எடுத்துவிட்டு, முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த மடிக்கணினியையும், தம்பிக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தபோது பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரவுகளில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததையும் வைத்தோம். வரைவை வீட்டில் ஒரு பெரியவரிடம், முடிந்தால் அம்மாவிடம், படித்துக் காட்டாமல் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கல்யாணப் பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்கலாம். அம்மாவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மாப்பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும். “தங்கமான மனிதர், அக்காவுக்குக் கிடைத்த வரம்” என்பதெல்லாம் யாருக்கும் பொருந்தும். நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு சிறு செயல் போதும். இந்த இளைஞருக்கு முதலில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை என்னென்ன செய்தார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தபோது, பந்தியில் நடந்த ஒன்றைச் சொன்னார். அது பேச்சில் அப்படியே வந்திருக்கிறது.

எழுதும் மொழி

பேச்சை எழுத்துத் தமிழில் எழுதாதீர்கள். வணக்கம் சொல்லும் வரி முறையாக இருக்கட்டும். கதை தொடங்கியதும் வீட்டில் பேசுவதைப் போலவே தாளிலும் எழுதுங்கள். எழுத்துத் தமிழில் எழுதி வைத்துவிட்டு மேடையில் பேச்சுத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், வீட்டில் அக்காவை “அவ” என்றும் தங்கையை “வாடி” என்றும் சொல்கிறவராக இருந்தாலும், புது உறவுகளின் முன்னால் “அக்கா”, “தங்கச்சி” என்று உறவாகவோ பெயராகவோ சொல்லுங்கள். அக்கா கணவரை மாமா, அத்தான், மச்சான் என்று ஊருக்கும் சமூகத்துக்கும் ஏற்ப அழைக்கிறோம். எதைச் சொல்வது என்று வீட்டில் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். பெரியவர்களின் பெயரை வரிசையாகச் சொல்லி வணக்கம் வைக்க வேண்டாம். பத்துப் பேரைச் சொல்லி ஒருவரை விட்டால், அந்த ஒருவரின் மனத்தாங்கல் அடுத்த விசேஷம் வரைக்கும் நீளும். சம்பந்தி வீட்டாரை முதலிலும் நம் வீட்டாரை அடுத்தும் பொதுவாகச் சொன்னால் போதும்.

கடைசியில் தம்பி பேசியது இது:

“எல்லாருக்கும் வணக்கம். மாமா வீட்டுப் பெரியவங்களுக்கும், எங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் என் வணக்கம். நான் பொண்ணோட தம்பி.

இது எங்க அக்காவோட நோட்டு. அட்டையில என் பேரு இருக்கு. ஏன்னா உள்ள இருக்கிறது பூரா என் கடன். அக்கா ஆறாவது படிக்கும்போது ஆரம்பிச்ச கணக்கு. மூணே மூணு மட்டும் படிக்கிறேன். ஜூன் 12, சேமியா ஐஸ், அஞ்சு ரூபா. ஜூலை 3, பம்பரம், சாட்டையோட, எட்டு ரூபா. ஆகஸ்ட் 19, தம்பி ஜன்னல் கண்ணாடிய உடைச்சத அம்மாகிட்ட சொல்லாம இருந்ததுக்கு, பத்து ரூபா.

மொத்தமாக் கூட்டிப் பார்த்தேன். 614 ரூபா. வட்டி போடல. அக்காவுக்கு நல்ல மனசு.

ஆனா நேத்து ராத்திரி உக்காந்து முழுசாப் படிச்சப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன். முதல் சம்பளத்துல அக்கா எனக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப்பு இதுல இல்ல. எனக்கு டைபாய்டு வந்தப்ப, பரீட்சைக்குப் படிக்காம ராத்திரி ராத்திரியா என் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அதுவும் இல்ல. அஞ்சு ரூபா ஐஸ எழுதி வச்ச அக்கா, இதையெல்லாம் எழுதவே இல்ல.

மாமா, நிச்சயத்தன்னைக்குப் பந்தியில எங்க பாட்டி வடையத் தொடாம வச்சிருந்தாங்க. யாரும் சொல்லாமலே நீங்க பார்த்துட்டு, அத ரசத்துல ஊறவச்சுக் குடுக்கச் சொன்னீங்க. நான் எதிர் வரிசையில இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாளைக்கே அக்கா உங்க பேர்ல ஒரு நோட்டுப் போட்டா பயப்படாதீங்க. ஐஸ் மட்டும்தான் எழுதுவாங்க.

அக்கா, 614 ரூபா கடன், ஒரு ரூபா சேர்த்து 615, மொய்க் கவர்ல வச்சிருக்கேன். வாங்கிக்கோங்க. கணக்கு முடிஞ்சுதுன்னு மட்டும் எழுதிராதக்கா.”

தாளில் இது சிறியது. சிரிப்புக்கும் மூச்சுக்கும் இடம் விட்டுப் பேசினால் மூன்று நிமிடத்தை நெருங்கும். எவ்வளவு நீளலாம் என்று கேட்டால் நான்கு நிமிடம் என்பேன். மண்டபத்தில் கடிகாரம் பார்த்துக் கணக்கிட்டபோது, நிதானமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வரை சொல்கிறார். ஆகவே 350 சொற்களுக்கு மேல் தாளில் இருந்தால் குறையுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று கணக்குகளின் வரிசை. முதல் இரண்டும் சாதாரணமானவை. கேட்பவர் ஒரு சிறுமியின் கணக்கு நோட்டுக்குப் பழகிக்கொள்கிறார். மூன்றாவதில் கணக்கு திடீரென்று வேறு மாதிரி ஆகிறது. ‘பத்து ரூபா’ என்ற சொல் வரியின் கடைசியில் வருவதும் வேண்டுமென்றே செய்ததுதான். “பத்து ரூபா, எதுக்குன்னா, கண்ணாடிய உடைச்சத அம்மாகிட்ட சொல்லாம இருந்ததுக்கு” என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். சிரிப்பு வரும் இடம் கலைந்துவிடும். நான்காவது, ஐந்தாவது கணக்கையும் படிக்க அவருக்கு ஆசை இருந்தது, நான் விடவில்லை. தேதிகளைக் கணக்குப்பிள்ளை வாசிப்பது போலச் சாதாரணக் குரலில் படிக்க வேண்டும். பேசுகிறவர் முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் கூட்டத்துக்குச் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது.

சிரிப்பு எழுந்ததும் பேச்சை நிறுத்துங்கள். அது ஏறி, இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுங்கள். சிரிப்பின்மேல் பேசினால் அந்த வரியை யாரும் கேட்க மாட்டார்கள், அடுத்த முறை சிரிக்கவும் தயங்குவார்கள். சிரிப்பே வராவிட்டால் ஒரு மூச்சு மட்டும் விட்டுவிட்டு மேலே போங்கள். “ஜோக்குங்க” என்று விளக்கம் சொல்லாதீர்கள். மேலே உள்ள பேச்சில் ‘வட்டி போடல’ என்ற வரி அதற்காகவே பக்கத்தில் இருக்கிறது. முன்னது விழாவிட்டாலும் அது தாங்கிக்கொள்ளும்.

குரல் அடைக்கும் இடம்

எல்லா அண்ணன் தம்பிகளுக்கும் ஏதோ ஒரு வரியில் தொண்டை அடைக்கும். அது எந்த வரி என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, உரத்த குரலில் ஐந்தாறு முறை படித்தால் ஒவ்வொரு முறையும் அதே சொல்லில் தடுக்கும். இந்தத் தம்பிக்கு அது ‘பக்கத்துலயே’. அந்த வரியை மட்டும் தனியாக நாளுக்கு இருபது முறை சொல்லச் சொன்னேன். ஒரு வாரத்தில் அது முற்றிலும் மறையாவிட்டாலும் குரலை உடைக்காத அளவுக்கு அடங்கிவிட்டது. மேடையிலும் அடைத்தால் பேச முயலாமல் நிறுத்தி, எதிர்ச் சுவரின் மேல்பகுதியைப் பார்த்து ஒரு மூச்சு எடுங்கள். அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தால் இருவரும் அழுதுவிடுவீர்கள். உருக்கமான பகுதிக்கு அடுத்து எளிதாகச் சொல்லக்கூடிய ஒரு வரி இருக்க வேண்டும் என்பதாலேயே பாட்டியின் வடையை அங்கே வைத்தோம்.

மண்டபத்தில்

நல்ல பேச்சும் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். வரவேற்பில் நாற்காலியில் அமர்ந்து மேடையைப் பார்ப்பவர்கள் ஒரு பகுதியினர்தான். பரிசோடும் மொய்க் கவரோடும் மேடைப்படியில் வரிசையில் நிற்பவர்கள் ஒரு பகுதியினர், பந்தியில் இருப்பவர்கள் ஒரு பகுதியினர். வரிசை ஓடத் தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்துவது கடினம். வேலை முடிந்து தொலைவிலிருந்து வந்தவர்களைக் காக்க வைத்துப் பேசுவது மரியாதையும் அல்ல. மணமக்கள் மேடைக்கு வந்து அமர்ந்ததும், வரிசையைத் திறப்பதற்கு முன்பு பேசுவதே நல்லது. கூட்டம் அப்போது குறைவாக இருக்கும். ஆனால் இருப்பவர்கள் நெருங்கிய சொந்தங்கள், அவர்களுக்காகத்தான் பேசுகிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வரிசை மெலியும்போது பேசலாம் என்று ஒத்திவைத்தால், சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு, காலை முகூர்த்தத்துக்கு எழ வேண்டுமென்று படுக்கப் போயிருப்பார்கள்.

எந்த நேரம் என்பதைப் புகைப்படக்காரர், வீடியோக்காரர், இன்னிசைக் குழுவில் அறிவிப்புச் செய்பவர் ஆகிய மூவரிடமும் அன்று மாலையே நேரில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், நீங்கள் நோட்டைப் பிரிக்கும் நேரத்தில் கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டின் முன்னிசையைத் தொடங்கிவிடுவார்.

ஒலிவாங்கி பெரும்பாலும் அந்த இன்னிசைக் குழுவினுடையதாகவே இருக்கும். பாடகருக்காக அதில் எக்கோ வைத்திருப்பார்கள். பாட்டுக்கு அது இனிமை சேர்க்கும். பேச்சில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறி, பத்தாவது வரிசைக்குப் பிறகு எதுவும் புரியாது. ஒலியமைப்பாளரிடம் போய், “அண்ணே, நான் பேசும்போது எக்கோவைக் குறைச்சிருங்க” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அது ஒரு குமிழைத் திருப்பும் வேலை. ஒலிவாங்கியை வாயிலிருந்து நான்கு விரற்கடைத் தொலைவில் வைத்து, அக்காவைத் திரும்பிப் பார்க்கும்போது அதுவும் வாயோடு சேர்ந்து திரும்பும்படி பிடியுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் கீச்சென்ற சத்தம் எழும். அப்படி எழுந்தால் ஒலிவாங்கியைக் கையால் பொத்தாதீர்கள், அது இன்னும் கூடும். பெட்டியை விட்டு இரண்டடி விலகினால் அடங்கிவிடும்.

கைபேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம். வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் திரை தெரியாது, நடுவில் அழைப்பும் வரும். உள்ளங்கை அளவு கெட்டி அட்டைகளில், ஓர் அட்டைக்கு ஏழெட்டு வரி, பெரிய எழுத்தில் எழுதி எண் போட்டுக்கொள்ளுங்கள். மேடையில் அக்காவுக்கு ஓரடி தள்ளிப் பக்கவாட்டில் நின்றால் கூட்டத்தையும் பார்க்கலாம், அவர்களையும் பார்க்கலாம். இந்தத் தம்பி நோட்டைச் சட்டைக்குள் வைத்திருந்து, ‘இது எங்க அக்காவோட நோட்டு’ என்ற வரியில்தான் வெளியே எடுத்தார். அதைக் கண்டதும் அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டதை வீடியோக்காரர் பிடித்துவிட்டார். முன்பே அவரிடம் சொல்லி வைத்திருந்ததன் பலன் அது.

பேசி முடித்ததும், கைதட்டல் ஓயும்வரை மேடையில் நின்றுகொண்டிருக்காமல், ஒலிவாங்கியை அறிவிப்பாளர் கையிலேயே கொடுத்துவிட்டு, வரிசை ஏறும் படிக்கு எதிர்ப்புறப் படியால் இறங்கிவிடுங்கள். வரிசையைத் திறக்கலாம் என்று புகைப்படக்காரருக்குக் கை காட்டிவிட்டு, அடுத்த பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போகலாம்.